ஃபில்டர் போட்டால் நிறமும் ஏன் மாறுகிறது?

"வழவழப்பு மட்டும்தான் வைத்தேன், முகம் ஏன் வெளுக்கிறது? இப்போது கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை."

பல ஃபில்டர்களில் அந்த ஒரே பட்டனுக்குள் இரண்டு வேலை நடக்கிறது: கண், உதட்டின் ஓரங்களை விட்டுவிட்டுத் தோலின் நுண்துளைகளை மங்கலாக்குவது, அப்புறம் தோலின் வெளிச்சத்தை ஏற்றுவது. ஏற்காடு ஏரியில் என் தங்கையை எடுத்த படத்தில் முகம் வெளுத்திருந்தது, துடுப்பைப் பிடித்த கையோ அவளுடைய மாநிறத்திலேயே இருந்தது, ஏனென்றால் அந்த ஃபில்டர் முகத்தை மட்டும்தான் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறது. அந்தப் படத்தைத்தான் வரனுக்கு அனுப்பினோம். "நேரில் கருப்பா இருப்பேனே" என்று அவள் அழுதது இன்னும் என் மனதை அறுக்கிறது. 2017-ல் ஃபேஸ்ஆப் என்ற முகத்தை மாற்றும் செயலியின் 'ஹாட்' ஃபில்டர் கருப்புத் தோலை வெளுத்தபோது, செயலிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய படங்களின் ஒருதலைச் சாய்வுதான் காரணம் என்று அந்நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. நுண்துளை எல்லார் தோலிலும் உண்டு, உங்கள் கண்ணாடி சரியாகத்தான் காட்டுகிறது. செல்ஃபி கேமராவில் பியூட்டி அளவை 0-க்கு இறக்கி, முகத்தையும் கையையும் ஒரே படத்தில் எடுத்துப் பாருங்கள்.