சொல் இல்லாமல் பாடப்பட்ட பாட்டின் மூலம் எது?

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸை ஒட்டி மார்த்தாண்டத்தில் ஒரு தேவாலயத்தில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் எந்த வாத்தியமும் இல்லாமல் குரலிலேயே ஒன்றைப் பாடினார்கள். சொற்களே இல்லை, 'டபடா டபடா' என்று மட்டும்தான். பாட்டு நடுவில் திடீரென்று நின்றபோது நாங்கள் சிலர் கைதட்டிவிட்டோம், அவர்கள் மறுபடியும் தொடர்ந்தார்கள். கேட்ட மெட்டுதான், ஆனால் பெயர் வரவில்லை. கைபேசிச் செயலியும் கண்டுபிடிக்கவில்லை. அது பழைய இந்திப் பாட்டு, தலத் மஹ்மூத் பாடியது என்கிறார் அப்பா. மேற்கத்திய இசை, மொஸார்ட் என்கிறான் நண்பன். பதிவை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், களியக்காவிளை

அன்புள்ள நண்பருக்கு,

பதிவைக் கேட்டேன். அவர்கள் பாடியது மொஸார்ட்டின் 40-ஆவது சிம்பொனி, ஜி மைனரில் அமைந்தது, அதன் முதல் பகுதி. 1788-இல் வியன்னாவில் எழுதப்பட்டது. உங்கள் அப்பா நினைவுகூர்ந்த பாடலும் உண்மையானதே. 1961-இல் வந்த 'சாயா' என்ற இந்திப் படத்தில் தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'இத்னா ந முஜ்ஸே து ப்யார் படா'வின் தொடக்கம் இந்தச் சிம்பொனியின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. இசையமைத்தவர் சலில் சௌத்ரி, 'செம்மீன்' என்ற மலையாளப் படத்தின் வழியாக நம் எல்லைப்புறத்துக்கு நன்கு அறிமுகமானவர். ஆகவே முதல் சில நொடிகளை மட்டும் வைத்து இருவரில் யார் சரி என்று சொல்ல முடியாது. மாணவர்கள் எதிலிருந்து எடுத்து அமைத்தார்கள் என்பதை அதற்குப் பின் வருவதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

செயலி ஏன் திணறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தகைய செயலிகளில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவின் அடையாளத்தைத்தான் தம்மிடமுள்ள பதிவுகளோடு ஒப்பிடுகின்றன. அதே மெட்டை வேறு ஒருவர் மேடையில் பாடினால், அதுவும் வாத்தியங்கள் இல்லாமல் பாடினால், அவற்றுக்கு அது அந்நியமான ஒலி. மெட்டை முணுமுணுத்துத் தேடும் வசதி கூகுள் செயலியில் 2020-இல் வந்தது. அதைப் பயன்படுத்தும்போது பதிவை ஒலிக்கவிடாமல் மெட்டை மட்டும் நீங்களே ஒற்றைக் குரலில் பாட வேண்டும். இந்த இடத்தில் அது மொஸார்ட்டையோ இந்திப் பாடலையோ எதை வேண்டுமானாலும் காட்டக்கூடும் என்பதால் தேர்வு செய்ய வேண்டியவர் நீங்களே.

இனி மெட்டுக்கு வருவோம். அந்தக் குழு ஜி மைனரில்தான் பாடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குரலுக்கு வசதியாகச் சுருதியை ஏற்றியோ இறக்கியோ வைப்பது வழக்கம் என்பதால் சுருதி எந்தச் சான்றும் தராது. ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள உறவுதான் மாறாமல் இருக்கும். மைனரின் ஆதார ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொண்டு பாடிப் பாருங்கள்: 'தபபா தபபா தபபா' என்று இரண்டு குறிலும் ஒரு நெடிலுமாக மூன்று முறை வருகிறது, பிறகு பஞ்சமத்திலிருந்து மேல் ஸ்தாயிக் காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாவல், அங்கிருந்து 'கரிஸ, ஸநித, தபம ம' என்று படிப்படியாக இறக்கம். சங்கீதம் பயின்றவர்கள் இதை நடபைரவியின் ஸ்வரங்கள் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த வாக்கியம் இதே வடிவத்தை ஒரு ஸ்வரம் கீழே இறக்கி வைத்துத் தொடங்குகிறது: 'பமமா பமமா பமமா', பிறகு ரிஷபத்துக்குத் தாவல், 'ரிஸநி, நிதப, பமக க'. இரண்டாவது இறக்கத்தில் வரும் நிஷாதத்தை உன்னிப்பாகக் கேளுங்கள். முதல் வாக்கியத்தில் கைசிகி நிஷாதமாக இருந்தது இங்கே காகலி நிஷாதமாகிவிடுகிறது, அதாவது நடபைரவி ஒரு கணம் கீரவாணியைத் தொட்டுக்கொள்கிறது. உங்கள் பதிவில் தாழ்ந்த பெண்குரலான ஆல்டோவைப் பாடும் பெண் இந்த ஸ்வரத்தைச் சற்றும் தடுமாறாமல் பிடித்திருக்கிறார். யாரோ நினைவிலிருந்து பாடியதாகத் தோன்றவில்லை, எழுதப்பட்ட ஸ்வரங்களைப் பார்த்துப் பயின்றவர்களின் துல்லியமாகவே எனக்குப் படுகிறது.

இதைவிட உறுதியான தடயம் மெட்டுக்கு அடியில் இருக்கிறது. பதிவின் தொடக்கத்தில் பெண்கள் வாய் திறக்கும் முன்பே, ஆண்குரல்கள் ஒரு கணம் 'டுகுடுகுடுகு' என்று படபடக்கத் தொடங்கிவிடுகின்றன. மொஸார்ட் அந்தச் சிம்பொனியைத் தொடங்கும் விதமே அதுதான். வயோலாக்கள் துடிப்பைத் தொடங்கிவைக்க, ஏறக்குறைய முக்கால் தாளக்கட்டு கழித்து, வயலின்கள் இரு ஸ்தாயிகளில் ஒன்றாக மெட்டைப் பாடுகின்றன. குழுவிலும் உயர்ந்த பெண்குரலான சோப்ரானோவும் ஆல்டோவும் ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைத்தான் பாடுகின்றனர். திரைப்பாடலை அமைத்திருந்தால், ஒரு தனிக்குரல் வரிகளைப் பாட, மற்றவர்கள் 'ஊ' என்று பின்னணி தருவதும், பல்லவி முடிந்து இடையிசை வருவதும், பிறகு சலில் சௌத்ரி தமக்கே உரிய விதத்தில் அமைத்த சரணம் வருவதும் எதிர்பார்க்கத்தக்கவை. உங்கள் பதிவில் இவற்றில் எதுவும் இல்லை.

மூன்றாவது தடயத்தை நீங்களே தந்திருக்கிறீர்கள். நீங்கள் கைதட்டிய இடம், மொஸார்ட் ஒரு முழுத் தாளக்கட்டை வெறுமையாக விட்டிருக்கும் இடம். முதல் மெட்டு முடிந்து, இசை உரத்து எழுந்து, மைனரிலிருந்து மேஜருக்கு நகர்ந்த பிறகு எல்லாரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள், அடுத்து இரண்டாவது மெட்டு தொடங்குகிறது. வழுக்கிக்கொண்டே இறங்கும் அந்த மெட்டைத் தந்தி வாத்தியங்களும் மரக்குழல் வாத்தியங்களும் மாறி மாறி வாசிக்கும்படி மொஸார்ட் எழுதியிருக்கிறார். பதிவில் அந்த இடத்தில் பெண்களும் ஆண்களும் மாறி மாறிப் பாடுவது தெளிவாகக் கேட்கிறது. இந்திப் பாடலில் இந்த இரண்டாவது மெட்டுக்கு இடமில்லை. வெளிநாட்டு அரங்குகளிலும் மௌனத்தை முடிவென்று எண்ணிக் கைதட்டுவதுண்டு, ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

வாத்தியத்துக்காக எழுதப்பட்ட ஸ்வரங்களை 'ட', 'ப' என்ற ஒலிகளைக் கொண்டு பாடும் இந்த வழியைப் பிரபலமாக்கியவர்களில் முதன்மையானவர் வார்ட் ஸ்விங்கிள். பாரிஸில் அவர் நடத்திய குழு 1963-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை இவ்வாறு பாடி ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அதில் டபுள் பேஸும் டிரம்ஸும் துணைக்கு இருந்தன என்பதால், கண்டிப்பாகச் சொன்னால் அது வாத்தியமே இல்லாத குரலிசை அல்ல. இந்த வகைப் பாடலில் மூலத்தைத் தேடும்போது நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் சோப்ரானோதான். மேலே ஒலிப்பதே மெட்டு என்று காது பழகிவிட்டிருக்கிறது, ஆனால் அமைப்பாளர் மெட்டை ஆல்டோவிடமோ உயர்ந்த ஆண்குரலான டெனரிடமோ கொடுத்துவிட்டு மேலே அலங்காரத்தை மட்டும் வைத்திருக்கக்கூடும். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துத் தேவாலயக் குவயர்களில் டெனர் பாடிப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு குரலையும் தனியாகப் பின்தொடர்ந்து, எது தானாகவே ஒரு வாக்கியமாக முடிகிறது என்று பார்த்தால் மெட்டு அகப்பட்டுவிடும். மூலமே குரல்களால் ஆனதாக இருந்தாலும் குழப்பம் வரும். 'திருடா திருடா'வில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டை ஒரு குழு பாடினால், கேட்பவர் வாத்தியங்கள் நிறைந்த மூலம் ஒன்றை வீணாகத் தேடிக்கொண்டிருப்பார்.

பெயரைக் குறிப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். மொஸார்ட்டின் 40-ஆவது சிம்பொனி, கோஷெல் பட்டியலில் எண் 550, முதல் பகுதி என்று சொன்னால் போதும், நான்கு பகுதிகளையும் அவர்கள் பாடவில்லை. ஆறு குரல்களுக்கு இதைப் பிரித்து எழுதியவர் வேறொருவர், அவர் பெயர் பதிவைக் கேட்பதால் தெரியவராது. அச்சிட்ட இசைத்தாளாக இருந்தால் முதல் பக்கத்தில் இயற்றியவர் பெயரும் அமைத்தவர் பெயரும் தனித்தனியாக இருக்கும். மாணவர்களிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள், அப்பாவிடம் சலில் சௌத்ரியின் பாடலை ஒருமுறை முழுமையாகப் போட்டுக் காட்டுங்கள்.