சூட்டில் இறுகும் உருளை: எவ்வளவு குறைத்துக் கடைய வேண்டும்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் சிறிய பிஸ்கட் தொழிற்கூடம் நடத்துகிறோம். அடுப்புக்குள் பெல்ட்டைத் தாங்கும் 1200 மி.மீ. உருளை துருப்பிடித்ததால், அதையே மாதிரியாகக் கொடுத்து ஸ்டெயின்லெஸ் 304-இல் புதிதாகக் கடைந்து வாங்கினோம். பேரிங்குகளுக்கு நடுவே 1202 மி.மீ. இடம் இருக்கிறது. காலையில் கையால் சுற்ற முடிகிறது. அடுப்பு 180 டிகிரிக்கு வந்ததும் இறுகி நின்றுவிடுகிறது. பழைய இரும்பு உருளை இப்படிச் செய்ததே இல்லை. லேத் பட்டறைக்காரர் மாதிரியின் அளவில் மாற்றமே இல்லை என்கிறார். திருத்தித் தரத் தனிக் கூலி கேட்கிறார். எவ்வளவு குறைக்கச் சொல்ல வேண்டும்? செலவு யாருடையது?

பதில்: பட்டறைக்காரர் அளவைப் பற்றிச் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மாறியது அளவு அன்று, உலோகம். இரும்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும் மைல்ட் ஸ்டீல், ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடு ஏறும்போது ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும். ஸ்டெயின்லெஸ் 304 அதே நிலையில் ஏறத்தாழ 0.0173 மி.மீ. நீளும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அறைச் சூட்டில் இரண்டு உருளைகளும் ஒரே அளவைக் காட்டினாலும், அடுப்புக்குள் அவை ஒரே அளவில் இருக்க முடியாது.

கணக்கு எளிது. மீட்டரில் சொன்ன நீளத்தை, மேலே சொன்ன எண்ணாலும், சூட்டின் வேறுபாட்டாலும் பெருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, வேறுபாட்டை எங்கிருந்து தொடங்கி எண்ணுகிறோம் என்பதே. குளிர்சாதனம் இல்லாத பட்டறையில் பகலில் 32 டிகிரி இருப்பதாகக் கொள்வோம். உங்கள் தொழிற்கூடத்திலும் அடுப்பு மூட்டுவதற்கு முன் அதே சூடுதான் இருக்கும். ஆகவே 180-இலிருந்து 32-ஐக் கழித்து, 148 டிகிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 180 முழுவதையும் பெருக்கக் கூடாது. பொறியியல் வரைபடங்களில் எழுதும் அளவுகள் 20 டிகிரிக்கு உரியவை என்பது உலக வழக்கு. உங்களிடம் பழைய வரைபடம் இருந்து அதிலிருந்து கணக்கைத் தொடங்கினால், உருளை, பேரிங்குகளைத் தாங்கும் சட்டம் ஆகிய இரண்டையுமே 20-இலிருந்து எண்ணுங்கள். ஒன்றை 20-இலிருந்தும் மற்றொன்றை 32-இலிருந்தும் எண்ணினால், இந்த நீளத்தில் கால் மில்லிமீட்டர் வரை பிழை புகுந்துவிடும்.

இப்போது பழைய உருளையைப் பார்ப்போம். 1.2-ஐ 0.012-ஆலும் 148-ஆலும் பெருக்கினால் 2.13 மி.மீ. வருகிறது. இருந்த இடைவெளி 2 மி.மீ. மட்டுமே, அப்படியானால் அதுவும் இறுகியிருக்க வேண்டுமே என்று தோன்றும். இறுகாததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, உருளையின் இரு முனைகளும் அடுப்புச் சுவருக்கு வெளியே பேரிங்கை நோக்கி நீண்டிருப்பதால், அவை 180 டிகிரியை எட்டுவதில்லை. மொத்தத்தில் 200 மி.மீ. நீளம் வெளியே இருந்து, அதன் சராசரிச் சூடு 100 டிகிரி என்று வைத்தால், பழைய உருளையின் வளர்ச்சி 1.94 மி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. இரண்டாவதாக, பேரிங்குகளைத் தாங்கும் சட்டமும் சற்றே சூடாகி நீளும். அது மைல்ட் ஸ்டீலால் ஆனதாகவும், 60 டிகிரிக்கு வருவதாகவும் கொண்டால், அது 0.40 மி.மீ. நீண்டு அந்த அளவுக்கு இடத்தைப் பெரிதாக்கிவிடும். இவ்விரண்டும் சேர்ந்து, பழைய உருளைக்கு முழுச் சூட்டிலும் அரை மில்லிமீட்டருக்கு நெருக்கமான இடம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த அடுப்பை முதலில் அமைத்தவர் 2 மி.மீ. என்பதை இரும்புக்காகவே வைத்திருக்கிறார். அந்த அளவு வேறு உலோகத்துக்குப் பொருந்தாது.

304 உருளைக்கு அதே வழியில் பெருக்கினால், முழு நீளமும் 180 டிகிரி என்று கொண்டால் 3.07 மி.மீ., முனைகளின் குறைந்த சூட்டைக் கணக்கில் எடுத்தால் 2.80 மி.மீ. வருகிறது. சட்டம் தரும் 0.40-ஐக் கழித்தாலும் 2.40 மி.மீ. மிஞ்சுகிறது. இருக்கும் இடமோ 2 மி.மீ. இந்த 0.4 மி.மீ. சிறிதாகத் தோன்றினாலும், அதைத் தடுக்க முயலும் பேரிங்கும் சட்டமும் டன் கணக்கான விசையைத் தாங்க நேரிடும். சட்டம் கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் உடனே எதுவும் உடையாமல் போகலாம். ஆனால் பக்கவாட்டு அழுத்தத்துக்கென்று செய்யப்படாத பேரிங் அதைத் தாங்கியபடி நாள்தோறும் ஓடினால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே திருத்தும் வரை அந்த அடுப்பை முழுச் சூட்டில் ஓட்ட வேண்டாம்.

நீளத்தைக் குறைக்கும் முன், காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்ந்ததும் தானாகவே தளர்ந்துவிடுவது நீள வளர்ச்சியின் அடையாளம். பேரிங்கே கெட்டிருந்தால், குளிர்ந்த பிறகும் சுற்றும்போது கரகரப்பு இருக்கும். உருளையைக் கழற்றினால், பருத்த பகுதி முடிந்து மெலிந்த முனை தொடங்கும் படியில், பேரிங்கின் மீது உரசிய பளபளப்பான வளையம் தெரிய வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: இரு பேரிங்குகளிலும் தண்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகுகள் இருந்து, அவை இரண்டு பக்கமும் முறுக்கப்பட்டிருந்தால், எவ்வளவு இடைவெளி விட்டாலும் பயன் இல்லை, உருளை நகரவே முடியாது. சங்கிலிப் பல்சக்கரம் உள்ள பக்கம் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். மறுபக்கத்தில் தண்டு பேரிங்குக்குள் நீளவாட்டில் வழுக்கிச் செல்லும்படி விட வேண்டும். புதிய உருளையைப் பொருத்தியவர் பழக்கத்தால் இரு பக்கமும் முறுக்கியிருப்பது நான் பலமுறை கண்ட ஒன்று; அதைத் தளர்த்திப் பார்த்த பிறகே லேத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு குறைப்பது என்பதில், சட்டம் தரும் 0.40 மி.மீ.-ஐ நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அடுப்பு மூட்டியதும் உருளை விரைவில் சூடாகிவிடும். கனமான சட்டம் சூடாக அதைவிட நெடுநேரம் ஆகும். அந்த இடைப்பட்ட நேரத்தில் உருளை தன் முழு நீளத்தை எட்டியிருக்கும். சட்டமோ இன்னும் நீண்டிருக்காது. முனைகளின் சூட்டையும் நாம் அளக்கவில்லை, மதிப்பிட்டிருக்கிறோம். ஆகவே பெரிய எண்ணாகிய 3.07-ஐயே எடுத்து, ஓட்டத்துக்கென்று 0.4 மி.மீ. சேர்த்து, குளிர்நிலை இடைவெளியை 3.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு, 1200 என்று இருக்கும் நீளம் 1198.5 ஆக வேண்டும். அந்த 1.5 மி.மீ. முழுவதையும் வழுக்கும் பக்கத்துப் படியிலேயே சீவச் சொல்லுங்கள்; இரு பக்கமும் பாதி பாதியாகச் சீவினால் பல்சக்கரத்தின் நேர்கோடு விலகிவிடும். சீவிய பிறகு உருளை அறைச் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். லேத்திலிருந்து 45 டிகிரியில் எடுத்து உடனே அளந்தால், ஆறியதும் 0.27 மி.மீ. குட்டையாக இருக்கும். இந்த இடத்தில் அது தீங்கு செய்யாது என்றாலும், எழுதிக் கொடுத்த அளவும் கையில் இருக்கும் பொருளும் பொருந்தாமல் போனால், பின்னால் வாக்குவாதம் எழும்.

விட்டம் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 40 மி.மீ. விட்டம் அதே சூட்டில் 0.10 மி.மீ. வளரும், பேரிங் அடுப்புக்கு வெளியே இருப்பதால், உங்கள் தண்டின் முனையில் அது இன்னும் குறைவு. அடுப்புக்கு உள்ளேயே புஷ் வைத்துச் சுழலும் உருளையாக இருந்தால் மட்டும் அதையும் தனியே கணக்கிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 1999-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருள்களுக்கு உரியது. தொழிற்கூட எந்திரப் பாகத்துக்கு அது துணை வராது. 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே கேள்வி. 180 டிகிரி அடுப்புக்கு என்று சொல்லி, 304-ஐ அவரே பரிந்துரைத்திருந்தால், திருத்தும் கூலியை அவர் ஏற்கச் சொல்வதற்கு உங்களுக்கு நல்ல நியாயம் உண்டு. சூட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், மாதிரியைக் கொடுத்து 304-இல் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் கேட்டதைக் கேட்டபடி செய்திருக்கிறார். ஒரு படியைச் சீவும் கூலியை நீங்கள் கொடுப்பதுதான் முறை. அடுத்த முறை ஆர்டர் தாளில் உலோகத்தின் எண், எத்தனை டிகிரியில் அளந்த அளவு, எத்தனை டிகிரியில் ஓடும், எந்த முனை வழுக்கும் ஆகிய நான்கையும் எழுதி, அவருடைய கையொப்பம் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் எழுதினால் போதாது: காந்தம் ஒட்டும் 430 வகை, மீட்டருக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0104 மி.மீ.தான் நீளும்; அதைக் கேட்டிருந்தால் பழைய 2 மி.மீ. இடைவெளியே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் துருவைத் தடுப்பதில் அது 304-க்கு ஈடாகாது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

திருத்திப் பொருத்தியதும், அடுப்பை ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் வைத்துவிட்டு, மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்து, வழுக்கும் பக்கத்து இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். உருளையைப் பல்சக்கரப் பக்கமாக ஒட்டி வைத்து அளந்தால், 0.8 முதல் 1.1 மி.மீ. வரை மிச்சம் இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், சட்டம் இன்னும் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது உருளை 180 டிகிரிக்கும் மேலே போகிறது என்று பொருள். அப்போது அடுப்பின் வெப்பநிலை உணரியை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.