சஹன்ல நம்ம பங்கு எவ்வளவு?

கேள்வி: வீட்டுல எல்லாரும் ஒரே சஹன்ல, அதாவது ஒரே பெரிய தட்டச் சுத்தி உக்காந்து நெய்ச்சோறு சாப்பிட்டோம், எதையும் எடை போடல. இதுல நான் எவ்வளவு சாப்பிட்டேன்னு எப்படி கணக்குப் போடறது?

வெந்த சோத்த மறந்துடுங்க. சோறு குழைஞ்சா தண்ணி அதிகம், உதிரியா வந்தா கம்மி, ஆனா உலைக்குப் போன அரிசி மாறாது, அது எத்தன டம்ளர்னு சமைச்சவங்களுக்கு மறக்கவும் மறக்காது. அதனால நான் சாப்பிட்டு முடிச்சதும் உம்மாட்ட கேக்கற மொத கேள்வி அதுதான். அந்த டம்ளர்ல தலைதட்டி அரிசி எடுத்து ஒரே ஒரு தடவ எடை போட்டு வச்சுக்குங்க, எங்க வீட்டு டம்ளர் 200 கிராம்.

போன வெள்ளிக்கிழமை 4 டம்ளர் போட்டிருந்தாங்க, 800 கிராம் ஆச்சு. ராவுக்குன்னு சட்டியில கால்வாசி நின்னுச்சு, அப்ப சஹனுக்கு வந்தது 600. நாங்க ஆறு பேர், சும்மா ஆறால வகுத்தா ஆளுக்கு 100 கிராம்னு வரும், அங்கதான் நானும் ரொம்ப நாள் தப்பு பண்ணிட்டு இருந்தேன். அவங்கவங்க முன்னால இருக்கறதத்தான் எடுப்போம்கறதால ஓரத்துல பங்கு ஏறக்குறைய சமம்தான், ஆனா புள்ளைங்க பாதியிலயே எந்திரிச்சுடுவாங்க, நடுவுல குவிஞ்சு நிக்கற சோறு யார் பக்கம் சரியுதோ அவங்களுக்குப் போகும், கடைசியா சஹன வழிக்கற ஆளு யாருன்னு வேற பாக்கணும். அன்னைக்கு நானும் தம்பியும்தான் வழிச்சோம். அதனால உம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒவ்வொரு பங்கு, ரெண்டு புள்ளைங்களுக்கும் அரையரை, எங்க ரெண்டு பேருக்கும் ஒன்றரை ஒன்றரைன்னு வச்சேன். மொத்தம் 6 பங்கு, என்னோடது 150 கிராம் வேகாத அரிசி, சமமா வகுத்தத விட பாதி அதிகம். அரிசியில 100 கிராமுக்கு ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து, ஆக எனக்கு 115 பக்கம்.

எண்ணெய் நெய்யயும் இதே மாதிரிதான் பாக்கணும், பலரும் விட்டுடறது இதத்தான். மொத்தம் 120 கிராம் ஊத்தியிருந்தாங்க, 800க்கு 120ன்னா என் 150க்கு 22 கிராம் வருது, அதுலயே 200 கலோரி. அரிசியில 525 சேத்தா 725, இன்னும் கறியத் தொடவே இல்ல. கறிக்கு உங்க முன்னால கிடக்கற எலும்ப எண்ணுங்க, எலும்பில்லாம எத்தன துண்டு தின்னீங்கன்னு நினைவுல இருக்கறதயும் கூட்டிக்குங்க.

150ன்னு சொன்னாலும் அது 120ல இருந்து 180 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம், நோட்டுல நான் அப்படித்தான் எழுதறேன். எடைய கவனிக்கறவங்களுக்கு இது தாராளமா போதும், வாரக் கணக்குல கூடக்குறைய சரியாயிடும். ஆனா மாவுச்சத்து கணக்குப் பாத்து இன்சுலின் போடறவங்க இத நம்பி டோஸ் முடிவு பண்ணாதீங்க, அந்த 60 கிராம் வித்தியாசமே 45 கிராம் மாவுச்சத்துக்கு மேல. அவங்க சஹன் வைக்கும்போதே ஒரு கிண்ணத்தால அளந்து தன் பக்கம் சோத்த போட்டுக்கிட்டு அதோட நிறுத்திக்கணும், எங்க மாமி அப்படித்தான் எங்களோட ஒரே சஹன்ல உக்காருறாங்க, நடுச்சோத்துல மட்டும் கை வைக்க மாட்டாங்க.