மண்சட்டியைப் புகழ்ந்தால் மிகை எங்கே போய் நிற்கிறது?

கேள்வி: சாதாரண சமையல் சட்டியைப் புகழ்ந்து கவிதை எழுதினால் அது வெறும் மிகைப்படுத்தல்தானே? அதிலிருந்து உண்மையாக எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா?

மிகைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மிகை எந்த இடத்தில் வீங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் எழுதியவருடைய தேவையோ துக்கமோ இருக்கும்.

நான் வேலூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பில் வரும்போதெல்லாம் முதலில் புறநானூற்றின் 228ஆம் பாட்டைத்தான் எடுப்பேன். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அரசனைப் பற்றிய பாட்டு என்றாலும் புலவர் பேசுவது ஒரு குயவரிடம். வளவனை அடக்கம் செய்ய ஒரு தாழி வேண்டும். அதைச் செய்ய நினைத்தால் இந்தப் பெரிய நிலத்தையே சக்கரமாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொண்டு வனைய வேண்டும், அது உன்னால் முடியுமா என்று கேட்கிறார். ஒரு மண்பாண்டத்தை இதற்கு மேல் பெரிதாக்க முடியாது.

ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். பாட்டு சூளையில் தொடங்குகிறது. இருள் திரண்டு நின்றது போலப் புகை கிளம்பி வானத்தில் ஊன்றுகிறது என்கிறார். வைக்கோலும் வறட்டியும் அடுக்கி மூடி எரிக்கும் சூளையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகை தெரியும். உள்ளே காற்று தாராளமாகப் போகாததால் கரும்புகை கெட்டியாகத்தான் எழும். அதைக் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு, அந்தக் குயவரைப் பார்த்து 'நீ இரங்கத்தக்கவன், என்ன பாடுபடப் போகிறாயோ' என்கிறார். அதற்கும் பிறகுதான் உலகமும் மலையும் வருகின்றன. தாழி எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு தெளிவாக ஒரு மனிதக் கையால் செய்ய முடிவது எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது. இழப்பின் அளவைச் சொல்ல அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இனி நம் ஊர்ச் சட்டிக்கு வருகிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டு மண்சட்டியைப் பற்றி ஒரு கவிதை எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வடிவத்தில் 'அமுதசுரபியே, அன்னை மடியே, பசிப்பிணி மருந்தே' என்று பன்னிரண்டு வரி. படிக்க நன்றாகவே இருந்தது. நான் அவளிடம் ஒன்று செய்யச் சொன்னேன். 'சட்டி' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மா, ஆசிரியர், காவிரி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் படி என்றேன். எல்லாமே பொருந்தின. எதற்கும் பொருந்துகிற புகழ்ச்சி அந்தச் சட்டியைத் தொடவே இல்லை என்று அவளுக்கே புரிந்துவிட்டது. மிகை கெட்டுப்போவது இப்படித்தான். அளவு பெரிதாகிவிட்டது என்பது குற்றமில்லை. பொருளைப் பார்க்காமலே பெரிதாக்கியதுதான் குற்றம்.

சரி, அந்தச் சட்டி என்ன செய்யும், சொல் என்றேன். அவள் அத்தை சந்தையில் அதை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளங்கையில் ஏந்தி விரலால் சுண்டிப் பார்த்தாராம். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி, 'டொக்' என்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது. வாங்கிவந்து தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு சிறுதீயில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்திருக்கிறார். சுட்ட மண்ணில் இருக்கும் நுண்ணிய துளைகளைக் கஞ்சி அடைக்கும், கசிவு குறையும். சூடான சட்டியை ஈரத் தரையில் வைக்க யாரையும் விடமாட்டார், ஏனென்றால் விரிசல் விட்டுவிடும். அடிப்புறம் உருண்டையாக இருப்பதால் பிரிமணை மேல்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த உருண்டை சக்கரத்தில் வருவதில்லை. வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் வனைந்து, ஈரம் கொஞ்சம் வற்றிய பிறகு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். முள்ளு கத்தரிக்காய்க் காரக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் சட்டியில் கொதித்துக்கொண்டே இருக்குமாம். சுவர் தடித்த மண்சட்டியில் அப்படித்தான் நடக்கும். மண் சூட்டை மெதுவாக வாங்குகிறது, மெதுவாகத்தான் விடுகிறது. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தை இறக்கியதும் கொதி சட்டென்று அடங்கிவிடும்.

அடுத்த வாரம் கொண்டுவந்த வடிவத்தில் இந்த வரிகள் இருந்தன:

சுண்டிக் கேட்டு உன்னை நம்பினாள் அத்தை.
கஞ்சி குடித்து உன் வாய்கள் மூடின.
அடுப்பு தூங்கிய பின்னும்
நீ பேசிக்கொண்டிருக்கிறாய்.
சூரியன் ஒருநாள் அணைந்துபோனாலும்
நீ கொதித்துக்கொண்டிருப்பாய்.

கடைசி இரண்டு வரி அப்பட்டமான மிகை. முதல் வடிவத்தில் இருந்த எதையும் விடப் பெரியது. இருந்தும் அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமுதசுரபி வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது. சூரியனைத் தாண்டும் கொதிப்போ அந்தச் சட்டியின் சொந்தக் குணத்திலிருந்து வளர்ந்தது. ஐயூர் முடவனாருக்குச் சூளைப் புகை எப்படியோ, இவளுக்கு அணைத்த அடுப்பின் மேல் அடங்காத குழம்பு அப்படி.

சட்டிக்கு எத்தனையோ குணம் இருக்க, இதை மட்டும் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடித்தாய் என்று கேட்டேன். அவள் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வீடு வர இருட்டிவிடும். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அம்மாவுக்குச் சூடு குறையாமல் குழம்பு கிடைப்பது அந்தச் சட்டியால்தான். கவிதையில் அம்மா என்ற சொல்லே இல்லை. ஆனால் சூரியன் வரைக்கும் போன அந்த வரி யாருக்காகப் போனது என்று தெரிந்த பிறகு, அதை ஒரு அங்குலம் குறைத்தாலும் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், சட்டி அதைச் சொல்லிவிட்டது.

இதற்கு நேர் எதிராகப் புகழ்ச்சி வேலை செய்வதற்கும் நம் தொண்டை நாட்டோடு ஒட்டிய ஒரு சான்று இருக்கிறது. அதியமான் தூது அனுப்ப, ஔவையார் தொண்டைமானிடம் வருகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் புகழ்கிறார், அதுதான் புறநானூறு 95. இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பெல்லாம் திருத்தி நெய் பூசப்பட்டு, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன என்கிறார். ஒவ்வொரு சொல்லும் பாராட்டுத்தான், எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு வேல் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த வேல்கள் போருக்குப் போனதில்லை என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, புகழ்ச்சியே காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு அதியமானின் வேல்களுக்கு வருகிறார். பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்று மட்டும் சொல்கிறார். அவற்றுக்கு மாலையும் இல்லை, நெய்யும் இல்லை.