பாட்டில்கள் இரண்டு, மருந்து ஒன்றே: கைக்குழந்தைகளின் சிரப்பும் கைமருந்தும்

கேள்வி: எங்கள் எட்டு மாதக் குழந்தையின் எடை 8 கிலோ. காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தந்த பாராசிட்டமால் டிராப்ஸ் 1 மி.லி.யுடன், மூக்கொழுகலுக்காக மூத்தவனுக்கு வாங்கியிருந்த சளி சிரப்பையும் நேற்றிலிருந்து 5 மி.லி. வீதம் கொடுக்கிறோம். தவறா?

பதில்: தவறுதான். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும். சளி சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும். உங்கள் பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்று அச்சிட்டிருந்தால், ஒரு வேளைக்குக் குழந்தையின் உடலில் சேர்வது 225 மி.கி. ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. என்ற கணக்கில் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளை உச்ச அளவு 120 மி.கி. மட்டுமே. நாளுக்கு நான்கு முறை கொடுத்தால் 480 மி.கி.யைத் தாண்டக் கூடாத இடத்தில் 900 மி.கி. போய்விடும். மேலும், மூக்கொழுகலைக் குறைக்கும் குளோர்பெனிரமினும் மூக்கடைப்பைக் குறைக்கும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்திருக்கிறது.

இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டு, பாட்டில்களையும் கொடுத்த நேரங்களின் குறிப்பையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாராசிட்டமால் மிகையானால் கல்லீரல் கெடும். ஆனால் முதல் நாளில் குழந்தை நன்றாகவே விளையாடக்கூடும் என்பதால், வாந்தியோ மஞ்சள் காமாலையோ தெரியட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது. இந்தப் பாதிப்பை முறிக்கும் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தருகிறோமோ அவ்வளவு பலன் தரும்.

கேள்வி: சளி மருந்து கொடுக்கும் நாள்களிலும் மாமியார் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துப் புகட்டுகிறார். குழந்தை நன்றாகத் தூங்குகிறது. தொடரலாமா?

பதில்: அந்தத் தூக்கத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். சளி மருந்துகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின் தூக்கம் வரவழைக்கும். வசம்பும் ஜாதிக்காயும் மந்தத்தைத் தரக்கூடியவை. உரைகல்லில் இரண்டு சுற்றா, பத்துச் சுற்றா என்பதைப் பொறுத்து அளவு மாறுவதால், எவ்வளவு உள்ளே போனது என்பதை எந்த மருத்துவராலும் கணக்கிட முடியாது. பெயர்கள் வேறானாலும் உடலில் நடப்பது ஒரே வேலை என்பதால் இதுவும் இரட்டிப்புதான். பால் குடிக்கும் நேரத்தில் எழுப்பியும் விழிக்காமல் இருந்தாலோ, கை கால் துவண்டிருந்தாலோ, மூச்சு மெதுவாகவோ திணறியோ வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். மாமியாரிடம் உரைமருந்தை நிறுத்தச் சொல்வது சங்கடமாக இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் அக்கறையில்தான் செய்கிறார்கள். காரணத்தை நேரில் கேட்டால் பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குக் கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து, கூடவே மூலிகை இருமல் சிரப்பும் தரலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது; அதிலுள்ள கிருமி வித்துகள் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். மூலிகை சிரப்புகள் சிலவற்றிலும் தேன் அடிப்படையாக இருக்கும் என்பதால், வீட்டில் தேனைத் தவிர்த்தாலும் பாட்டில் வழியாக அது வந்துவிடும். அதிமதுரமும் அவ்வாறே: கஷாயத்திலும் சிரப்பிலும் சேர்ந்து அளவு கூடினால் உடலில் பொட்டாசியம் குறையும். மூக்கடைப்புக்கு மருந்து கலக்காத உப்புநீர் சொட்டுகளைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ எந்த மருந்தையும் வீட்டில் முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.