இன்டர்னல் மார்க்கை நாமே கணக்குப் போட்டுப் பார்த்து யாராவது தவறு கண்டுபிடித்திருக்கிறீர்களா?

கண்டுபிடித்தேன். இரண்டு மார்க் ஏறியது, கூடவே வகுப்பில் பாதிப் பேரின் கோபமும்.

இரண்டாம் ஆண்டு, மூன்றாவது செமஸ்டர், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 வருவது இரண்டு மதிப்பீடுகளிலிருந்து. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட்டுக்கு 40, ஆக 100. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40-க்குக் குறைப்பார்கள், அதாவது ஐந்தால் வகுத்தால் போதும்.

மார்க்கைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றும் முன் எங்கள் கல்லூரியில் ஒரு பிரின்ட் எடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். முக்கால்வாசிப் பேர் கடைசி நெடுவரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவோம். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். 28 என்று இருந்தது. இரண்டாவது டெஸ்டில் 88 வாங்கியவளுக்கு 28-ஆ என்று ஒரு உறுத்தல். “நாளைக்குப் போடுறேன் மேம்” என்று சொல்லி, என் வரியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தேன்.

என் மார்க் எல்லாம் நூற்றுக்கு: முதல் டெஸ்ட் 78, முதல் அசைன்மென்ட் 80, இரண்டாவது அசைன்மென்ட் 45, இரண்டாவது டெஸ்ட் 88. அந்த 45 என் தவறுதான். அம்மை போட்டு ஊரில் கிடந்தேன், தாமதமாகக் கொடுத்ததால் வெட்டிவிட்டார்கள். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் மதிப்பீடு 46.8, 32 சேர்ந்து 78.8. இரண்டாவது 52.8, 18 சேர்ந்து 70.8. கூட்டினால் 149.6, ஐந்தால் வகுத்தால் 29.92. முழு எண்ணாக்கினால் 30. ஷீட்டில் 28.

உடனே ஓடிப்போய்ச் சண்டை போடவில்லை. என் கூட்டல்மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ரூம்மேட்டின் மார்க்கை வாங்கி அதே கணக்கைப் போட்டேன். அவளுக்கு நான் போட்டதும் 30, ஷீட்டிலும் 30. “உனக்குத்தான்டி தப்பா வருது” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். சரி, அப்படித்தான் போல என்று நானும் விட்டிருப்பேன். தூக்கம்தான் வரவில்லை.

அப்புறம் கணக்கைப் பின்பக்கமிருந்து போட்டுப் பார்த்தேன். எந்தத் தவறு நடந்திருந்தால் எனக்கு 28 வரும்? டெஸ்டையும் அசைன்மென்ட்டையும் சரிபாதியாக எடுத்திருந்தால் 29 வருகிறது, அதுவல்ல. இரண்டு மதிப்பீட்டிலும் 60-ஐயும் 40-ஐயும் மாற்றிப் போட்டிருந்தால் 28 வருகிறது. அட, சிக்கியது என்று நினைத்தேன். ஆனால் அதே மாதிரி ரூம்மேட்டுக்குப் போட்டால் 31 ஆகிறது, அவளுக்கு ஷீட்டில் இருப்பதோ 30. மிச்சமிருந்தது ஒன்றுதான்: இரண்டாவது மதிப்பீட்டில் மட்டும் மாறியிருக்க வேண்டும். போட்டேன். எனக்கு 28.2. அவளுக்கு 29.8, அதாவது 30.

அவளுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது அசைன்மென்ட்டில் அவள் 75, டெஸ்டில் 74. இரண்டு மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எதை எதனுடன் பெருக்கினாலும் விடை நகராது. இரண்டுக்கும் இடையே 25 மார்க் வித்தியாசம் இருந்தால்தான் இன்டர்னலில் ஒரு மார்க் இடிக்கும். எனக்கு 43 வித்தியாசம். ஆகவே ஒரு தோழியின் மார்க் சரியாக வந்தது என்பதை வைத்து ஷீட் சரி என்று நம்பாதீர்கள். டெஸ்டுக்கும் அசைன்மென்ட்டுக்கும் பெரிய இடைவெளி உள்ள ஒருவரின் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் நோட்டோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். “மேம், எனக்கு 30 வருது, எங்க தப்புப் பண்றேன்னு பாக்கிறீங்களா?” என்றுதான் கேட்டேன். மேம் நல்லவர்தான், ஆனால் நம்பவில்லை. “நான் செக் பண்ணிட்டேன்மா, எல்லாத்துலயும் 100 போட்டா 40 வருது பாரு” என்று ஷீட்டைத் திறந்து காட்டினார். உண்மையிலேயே 40 வந்தது. வராமல் எப்படி இருக்கும்? எல்லாமே 100 என்றால் 60-உம் 40-உம் இடம் மாறியிருந்தாலும் கூட்டல் 100-தான். மொத்த விகிதம் 90 ஆகவோ 110 ஆகவோ போயிருந்தால் அந்தச் சோதனை பிடித்திருக்கும். இடம் மாறியதைப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு நெடுவரிசையில் மட்டும் 100 போட்டு மற்றதில் பூஜ்யம் போடச் சொன்னேன். டெஸ்ட் என்றால் 12 வர வேண்டும், அசைன்மென்ட் என்றால் 8. முதல் டெஸ்ட்டுக்கு 12 வந்தது. இரண்டாவது டெஸ்ட்டுக்கு 8. மேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்தார்.

```
F6: =D6*0.6+E6*0.4
I6: =G6*0.6+H6*0.4
```

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் D டெஸ்ட், E அசைன்மென்ட். அடுத்த பகுதியிலோ G அசைன்மென்ட், H டெஸ்ட். அந்த முறை அசைன்மென்ட் முதலில் முடிந்ததால் அதை முன்னால் உள்ள நெடுவரிசையில் டைப் செய்துவிட்டார். F-இல் இருந்த ஃபார்முலாவை I-க்கு காப்பி செய்தபோது எக்செல் ஒழுங்காக மூன்று நெடுவரிசை நகர்த்திக் கொடுத்தது. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காதல்லவா? பிரின்ட் எடுக்கும்போது F, I இரண்டையும் மறைத்துவிட்டதால் எங்கள் கண்ணிலும் படவில்லை. அவை தெரிந்திருந்தால் ராத்திரி அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

`=H6*0.6+G6*0.4` என்று மாற்றிக் கீழே வரை இழுத்தார். அரை நிமிட வேலை.

அதுவரை நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் அசைன்மென்ட் மார்க் எல்லோருக்கும் தாராளம், டெஸ்ட்தான் இறுக்கம். தவறான ஷீட்டால் நஷ்டப்பட்டது என்னையும் இன்னும் சிலரையும் தவிர யாருமில்லை. மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று லாபம். மேம் இழுக்க இழுக்க, கடைசி நெடுவரிசையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு அசைன்மென்ட் 95, டெஸ்ட் 48. அவளுடைய 29, 27 ஆனது.

“எல்லாருக்கும் மாத்தித்தான் ஆகணும், உனக்கு மட்டும் மாத்த முடியாது” என்றார் மேம். நியாயம்தான். பழைய பிரின்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மத்தியானம் புதியதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஏன் மறுபடி கையெழுத்து என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். “ஃபார்முலால ஒரு சின்னத் தப்பு” என்றவர் என் பெயரைச் சொல்லவில்லை. ரூம்மேட் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

பக்கத்து பெஞ்சுக்காரி தன் வரியைக் கண்டுபிடித்து, 27-ஐப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தாளை எனக்குத் தள்ளினாள். பேனாவை அவளே வைத்துக்கொண்டாள்.