நகைக்கடை பில்லில் முந்தைய நாள் ரேட்: புகார்க் கடிதம் எப்படி எழுதுவது?

கேள்வி: சாயங்காலம் போய் 3 பவுன் செயின் பார்த்து எஸ்டிமேட் போட்டு வைத்தோம். முன்பணம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை ரேட் கிராமுக்கு 9,250-லிருந்து 9,120-ஆக இறங்கியிருந்தது. அன்று மதியம் முழுப் பணமும் கட்டி வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பில்லில் தேதி சரியாக இருக்கிறது, ரேட் மட்டும் 9,250. சேதாரம் 12%. கடைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, எவ்வளவு கேட்பது?

பதில்:

கேட்க வேண்டிய தொகை 3,599 ரூபாய் 23 காசு. கடிதம் எழுதும் முன் இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலும் கணக்குதான் தடுமாறும். கேட்ட தொகையும் கடைக்காரர் போடும் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வித்தியாசம் கிராமுக்கு 130, எடை 24 கிராம், ஆகவே 3,120 ரூபாய் என்றுதான் பலரும் எழுதுவார்கள். அது குறைவு. சேதாரம் சதவீதமாகப் போடப்பட்டால் அதுவும் தங்கத்தின் எடைதான். 24 கிராமோடு 12% சேர்ந்தால் 26.880 கிராம். கடை உங்களிடம் 9,250 என்ற ரேட்டில் வாங்கியது 26.880 கிராமுக்கான விலையை. அதன்மேல் 3% ஜிஎஸ்டி. ரேட் தவறு என்றால் சேதாரமும் தவறு, வரியும் தவறு.

பில்லில் இருப்பது: 26.880 × 9,250 = 2,48,640. வரி 7,459.20. மொத்தம் 2,56,099.20.

இருக்க வேண்டியது: 26.880 × 9,120 = 2,45,145.60. வரி 7,354.37. மொத்தம் 2,52,499.97.

இரண்டுக்கும் இடையே 3,599.23. ஹால்மார்க் கட்டணத்தைப் பில்லில் தனியாகப் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அது உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவது, தங்கத்தின் ரேட்டோடு ஏறி இறங்காது. செய்கூலியைக் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகையாகப் போட்டிருக்கும் பில்லுக்கும் அதே விதிதான். சேதாரம் இல்லாமல் அப்படிப் போட்ட பில் என்றால் 24 × 130, அதோடு 3% வரி, ஆக 3,213.60 மட்டுமே கேட்க முடியும். பில்லில் சேதாரமும் செய்கூலியும் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்று நன்றாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பழைய தங்கம் ஏதாவது போட்டு மாற்றினீர்களா? கேள்வியில் சொல்லவில்லை. போட்டிருந்தால் அதற்கும் 9,250 ரேட்டிலேயே விலை கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தவறு உங்களுக்குச் சாதகமாக வேலை செய்திருக்கிறது. பத்து கிராம் போட்டு முழு ரேட் கொடுத்திருந்தால் 1,300 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். அதைக் கடைக்காரர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். அதுதான் நியாயம், கடிதத்துக்கும் அது பலம்.

இந்தத் தவறு எப்படி வந்திருக்கும் என்று புரிந்துகொண்டால் கடிதத்தின் தொனி தானாக அமையும். எஸ்டிமேட் போடும்போது எடை, சேதாரம், ரேட் எல்லாம் ஒரு எண்ணில் பதிவாகிறது. மறுநாள் பில் போடுபவர் எல்லாவற்றையும் புதிதாக அடிக்காமல் அந்த எஸ்டிமேட் எண்ணைக் கொடுத்து இழுத்தால், பழைய ரேட்டும் கூடவே வந்துவிடும். தேதி மட்டும் அன்றைய தேதியாக விழும். உங்கள் பில்லில் தேதி சரி, ரேட் மட்டும் பழையது என்பது இதோடு பொருந்துகிறது. அதனால் ஏமாற்று, மோசடி என்ற சொற்களை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். அந்தச் சொல் வந்தால் கிளை மேலாளர் தானே முடிவெடுக்காமல் மேலே அனுப்பிவிடுவார். கணக்குத் திருத்தம் என்று வந்தால் அவரே முடிக்க முடியும்.

அடுத்தது சான்று. பில் போட்ட நேரத்தில் அந்தக் கடையில் நடப்பிலிருந்த ரேட் என்ன என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் ரேட் மாறுவதுண்டு. ஆகவே தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பில்லில் நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்டு ஸ்லிப்பிலோ யுபிஐ தகவலிலோ நேரம் இருக்கும். ரேட்டுக்கு, கடையின் ரேட் பலகையை எடுத்த படம், அவர்களுடைய தளத்திலோ வாட்ஸ்அப்பிலோ அன்று போட்ட ரேட், மறுநாள் நாளிதழில் வந்த 22 கேரட் விலை ஆகியவை உதவும். முதலிரண்டும் வலுவானவை, நாளிதழ் துணைக்கு. பக்கத்துக் கடை ரேட்டையோ சர்வதேசச் சந்தை விலையையோ காட்டினால் எடுபடாது. 24 கேரட் விலையை 22 கேரட் பில்லோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சான்று ஒன்றுண்டு: அதே நாளில், அதே கடையில், உங்களுக்குப் பின் வேறு யாராவது வாங்கிய பில். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைய மற்ற பில்களைக் கடையே பார்த்துக்கொள்ளட்டும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படி எழுதலாம்:

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: பில் எண் ____, தேதி ____: தங்க ரேட் திருத்தம், கூடுதலாகப் பெற்ற ரூ. 3,599.23 திரும்பக் கோருதல்
>
> ஐயா,
>
> மேற்கண்ட பில்லில் 24.000 கிராம் எடையுள்ள 22 கேரட் செயின் ஒன்றை வாங்கினேன். பணம் செலுத்திய நேரம் மதியம் ____. அந்த நேரத்தில் தங்கள் கடையின் 22 கேரட் ரேட் கிராமுக்கு ரூ. 9,120. பில்லில் முந்தைய நாள் ரேட்டான ரூ. 9,250 போடப்பட்டுள்ளது.
>
> முந்தைய நாள் மாலை எஸ்டிமேட் (எண் ____) மட்டும் போடப்பட்டது. அன்று முன்பணம் எதுவும் செலுத்தவில்லை, ரேட் உறுதி செய்துகொள்ளவும் இல்லை. எஸ்டிமேட்டில் இருந்த ரேட்டே பில்லுக்கும் வந்துவிட்டதாகக் கருதுகிறேன்.
>
> 12% சேதாரம் சேர்த்து 26.880 கிராமுக்கு, கிராமுக்கு ரூ. 130 வீதம் ரூ. 3,494.40. அதற்கு 3% ஜிஎஸ்டி ரூ. 104.83. மொத்தம் ரூ. 3,599.23.
>
> அன்று அதே நேரத்தில் போட்ட மற்ற பில்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, இத்தொகைக்கு மேற்கண்ட பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் வழங்கி, நான் பணம் செலுத்திய அதே வழியில் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் இல்லை என்று கருதினால், எந்த ரேட் எந்த அடிப்படையில் போடப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: பில், எஸ்டிமேட், பணம் செலுத்திய ரசீது, ரேட் பலகைப் படம் ஆகியவற்றின் பிரதிகள்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (பெயர், கையொப்பம், தொலைபேசி எண், தேதி)

"திருத்தம் இல்லை என்று கருதினால்" எனத் தொடங்கும் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாய்மொழியாக "அப்படித்தான் சார்" என்று சொல்லி அனுப்புவது எளிது. அடிப்படையை எழுதிக் கொடு என்றால் யாராவது பில்லைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கடையின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அதையே அனுப்பிவையுங்கள்.

கடையிலிருந்து இரண்டு பதில்கள் வரலாம். முதலாவது, "எஸ்டிமேட் ரேட்டுக்குத்தான் நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்" என்பது. எஸ்டிமேட் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பில் போடும் நாளின் ரேட்டே செல்லும் என்று அச்சிட்டிருந்தால் அந்த ஒரு வரியே போதும். எதுவும் இல்லாவிட்டாலும், பணம் வாங்காமல் யாரும் ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. மறுநாள் ரேட் ஏறியிருந்தால் பழைய ரேட்டில் கொடுத்திருப்பார்களா என்று கேளுங்கள். ஆனால் முன்பணம் கட்டி ரேட் புக் செய்திருந்தால் கதை வேறு. அப்போது புக்கிங் சீட்டில் உள்ள நிபந்தனைதான் பேசும். ரேட் இறங்கினால் இறங்கிய ரேட்டா, புக் செய்த ரேட்டேதானா என்பதை அது சொல்லும்.

இரண்டாவது, "மாதக் கணக்கு முடிந்துவிட்டது, இனி பில்லைத் திருத்த முடியாது" என்பது. பழைய பில்லைத் திருத்த வேண்டியதே இல்லை. பில்லில் கூடுதலாகப் போட்ட தொகையைக் குறைத்துக் கடை தனியாகத் தரும் சீட்டுதான் கிரெடிட் நோட், அது இருப்பதே இதற்காகத்தான். பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அந்த கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டிக் கடைக்காரர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டம் இடம் தருகிறது. அதனால் வரித் தொகையையும் சேர்த்துத் திருப்பித் தருவதில் அவருக்கு நட்டம் இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்கிறோம் என்றால் நான் ஒப்புக்கொள்ளச் சொல்லமாட்டேன். கழிவு என்று கொடுப்பது எந்தச் சேதாரத்தில் திரும்ப ஏறும் என்று யாரும் சொல்ல முடியாது.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். இந்த அளவுத் தொகையில் அங்கிருந்து கடைக்குத் தகவல் போனதுமே முடிந்துவிட வாய்ப்பு உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கியவற்றுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, உங்கள் பில் அதற்குள்தான் வருகிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

பணம் திரும்ப வரும்போது அசல் பில்லைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கிரெடிட் நோட்டை அதோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். பின்னாளில் இந்தச் செயினை மாற்றவோ விற்கவோ போனால் எடையும் கேரட்டும் காட்ட அந்த அசல் பில்தான் தேவைப்படும்.